புதன்கிழமை விற்ற பங்குக்குத் திங்கட்கிழமைதான் பணம்: T+2 நாள்களை எண்ணுவது எப்படி?

2024ஆம் ஆண்டுத் தீபாவளி நினைவிருக்கிறதா? அக்டோபர் 31, வியாழக்கிழமை. அதற்கு முதல் நாள், புதன்கிழமை காலையில், நீங்கள் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் கொஞ்சம் பங்குகளை விற்றிருந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "ரெண்டு நாள்ல பணம் வந்துடும்" என்று நண்பர் சொல்லியிருக்கிறார். புதனோடு இரண்டைக் கூட்டினால் வெள்ளிக்கிழமை. அந்த வெள்ளிக்கிழமையே கட்ட வேண்டிய ஒரு கட்டணமும் இருக்கிறது. கணக்கு சரியாத்தானே வருது?

வராது. அந்தப் பங்குக்கான பணம் வரவேண்டிய நாள் நவம்பர் 4, திங்கட்கிழமை. நீங்கள் நினைத்ததற்கும் நடந்ததற்கும் இடையில் மூன்று நாள் வித்தியாசம். தாமதம் எதுவும் நடக்கவில்லை, யாரும் தவறும் செய்யவில்லை. சந்தை நாள்களை எண்ணுகிற முறையே அப்படித்தான்.

அந்த முறையைப் புரிந்துகொண்டால், பணம் எப்போது கட்ட வேண்டும், விற்ற பணம் எப்போது கைக்கு வரும், லாப ஈவு கிடைக்க எந்த நாளுக்குள் வாங்க வேண்டும் ஆகிய மூன்றையும் நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

T+2 என்றால் என்ன?

பங்கு வாங்கினால் தரகு நிறுவனத்திடமிருந்து ஒரு சீட்டு மின்னஞ்சலில் வரும். எந்தப் பங்கு, எத்தனை, என்ன விலை, கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். கூடவே இரண்டு தேதிகளும் இருக்கும். முதல் தேதி வர்த்தகம் நடந்த நாள். இரண்டாவது, செட்டில்மென்ட் நாள்.

செட்டில்மென்ட் என்பது கணக்கு உண்மையிலேயே முடிகிற நேரம். வாங்கியவரின் பணம் விற்றவர் பக்கம் போகும், விற்றவரின் பங்கு வாங்கியவர் பெயருக்கு வரும். திரையில் "வாங்கியாச்சு" என்று காட்டும்போது முடிவானது விலையும் எண்ணிக்கையும் மட்டும்தான். பொருளும் பணமும் அதற்குப் பிறகுதான் கைமாறுகின்றன.

அந்த இடைவெளியைக் குறிப்பதுதான் T+2. T என்பது வர்த்தகம் நடந்த நாள். +2 என்பது அதற்குப் பிறகு வரும் இரண்டாவது வேலை நாள். சிங்கப்பூரில் 2018ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதியிலிருந்து இதுதான் நடைமுறை. அதற்கு முன்பு T+3, அதாவது மூன்று வேலை நாள். பங்குகளில் நெடுங்காலம் ஈடுபட்டுவரும் பெரியவர்கள் சிலர் இன்னமும் மூன்று நாள் கணக்கைச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

முதல் கேள்வி: T எந்த நாள்?

எண்ணுவதற்கு முன்பு தொடக்கப் புள்ளியைச் சரியாகப் பிடிக்க வேண்டும். T என்பது நீங்கள் ஆர்டர் போட்ட நாள் அல்ல, அந்த ஆர்டர் நிறைவேறிய நாள்.

ஞாயிற்றுக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டுச் செயலியைத் திறந்து, ஒரு பங்கை வாங்க ஆர்டர் போடுகிறீர்கள். அப்போது சந்தை மூடியிருக்கிறது. ஆர்டர் வரிசையில் காத்திருக்கும். திங்கட்கிழமை காலை சந்தை திறந்து, உங்கள் விலைக்கு ஒருவர் விற்றால் அன்றுதான் வர்த்தகம் நடக்கிறது. அப்படியானால் T திங்கட்கிழமை. அன்று விலை ஒத்துவராமல், அந்த ஆர்டர் புதன்கிழமைதான் நிறைவேறியது என்றால் T புதன்கிழமை.

ஒரே ஆர்டர் இரண்டு நாள்களாகப் பிரிந்து நிறைவேறுவதும் உண்டு. ஆயிரம் பங்கு கேட்டீர்கள், திங்கட்கிழமை அறுநூறு கிடைத்தது, மீதி நானூறு செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அது இரண்டு வர்த்தகம், இரண்டு T. பணம் கட்டும் நாளும் இரண்டு.

எண்ணும் முறை

T அன்று எண்ணிக்கை பூஜ்யம். காலை ஒன்பது மணிக்கு வாங்கினாலும் மாலை ஐந்து மணிக்கு வாங்கினாலும் அந்த நாள் கணக்கில் சேராது. அடுத்த நாளிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். சனி, ஞாயிறு வந்தால் தாண்ட வேண்டும். சந்தை மூடியிருக்கும் பொது விடுமுறை வந்தால் அதையும் தாண்ட வேண்டும். இரண்டாவது வேலை நாளில் கால் வைக்கும்போது நிற்கலாம்.

விடுமுறை இல்லாத வாரத்தில் இது எளிது. திங்கள் வாங்கினால் புதன், செவ்வாய் வாங்கினால் வியாழன், புதன் வாங்கினால் வெள்ளி. வியாழக்கிழமை வாங்கினால் வெள்ளி ஒன்று, சனி ஞாயிறு தாண்டி, திங்கள் இரண்டு. வெள்ளிக்கிழமை வாங்கினால் செவ்வாய்க்கிழமை.

இப்போது விடுமுறை இருக்கும் ஒரு வாரத்தைப் பார்ப்போம். 2025இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. அன்று சந்தை இல்லை. அதற்கு முந்தைய மூன்று வர்த்தக நாள்களை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

அக்டோபர் 15, புதன்கிழமை வாங்கியவருக்கு 16 வியாழன் ஒன்று, 17 வெள்ளி இரண்டு. விடுமுறைக்கு முன்பே கணக்கு முடிந்துவிடுகிறது.

அக்டோபர் 16, வியாழக்கிழமை வாங்கியவருக்கு 17 வெள்ளி ஒன்று. 18 சனி, 19 ஞாயிறு, 20 தீபாவளி மூன்றும் சேராது. 21 செவ்வாய் இரண்டு. நாள்காட்டிப்படி பார்த்தால் ஐந்து நாள். சந்தைக் கணக்கில் இரண்டு நாள்.

அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை வாங்கியவருக்கு 21 செவ்வாய்தான் ஒன்று. 22 புதன் இரண்டு.

புதன்கிழமை வாங்கியவருக்கும் வியாழக்கிழமை வாங்கியவருக்கும் வர்த்தகத்தில் ஒரே ஒரு நாள்தான் வித்தியாசம். செட்டில்மென்ட்டில் அது நான்கு நாளாக விரிகிறது. விடுமுறைக்கு முன்பு பங்கு விற்றுப் பணம் எடுக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

முதலில் பார்த்த 2024ஆம் ஆண்டுக் கணக்கையும் இப்போது முடித்துவிடலாம். அக்டோபர் 30, புதன்கிழமை விற்றது. 31 தீபாவளி, சேராது. நவம்பர் 1 வெள்ளி ஒன்று. சனி ஞாயிறு தாண்டி நவம்பர் 4 திங்கள் இரண்டு. வெள்ளிக்கிழமை பணம் கையில் இருக்க வேண்டுமென்றால் அவர் செவ்வாய்க்கிழமை, 29ஆம் தேதியே விற்றிருக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் 30 ஒன்று, நவம்பர் 1 இரண்டு.

விடுமுறையை ஏன் எண்ணுவதில்லை?

"எல்லாமே கணினியில நடக்குது, அதுக்கு எதுக்கு லீவு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

வர்த்தகம் முடிந்ததும் பின்னால் ஒரு வேலை தொடங்குகிறது. சிங்கப்பூரில் அந்த வேலையைப் பார்ப்பது சிடிபி எனப்படும் மத்திய வைப்பகம். ஒவ்வொரு விற்பனைக்கும் ஒவ்வொரு வாங்கலுக்கும் நடுவில் அது வந்து நிற்கிறது. விற்றவருக்கு அதுதான் வாங்குபவர், வாங்கியவருக்கு அதுதான் விற்பவர். அதனால்தான் முகம் தெரியாத ஒருவரிடமிருந்து நீங்கள் பயமில்லாமல் பங்கு வாங்க முடிகிறது.

ஒரு தரகு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான வர்த்தகம் செய்கிறார்கள். அவற்றையெல்லாம் சரிபார்த்து, யார் எவ்வளவு தர வேண்டும், யாருக்கு எவ்வளவு வர வேண்டும் என்று தீர்க்க வேண்டும். விற்றவர் கணக்கில் உண்மையிலேயே அந்தப் பங்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாங்கியவர் பணத்தைத் தயார் செய்ய வேண்டும். இரண்டு நாள் இடைவெளி இதற்குத்தான்.

கடைசிக் கட்டத்தில் பங்கும் பணமும் ஒரே நேரத்தில் கைமாறுகின்றன. ஒன்று போய் இன்னொன்று வராமல் நின்றுவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. பங்கு நகர்வது சிடிபியின் கணக்குப் புத்தகத்தில். பணம் நகர்வது வங்கிகளுக்கு இடையில். பெரிய தொகைகளை வங்கிகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள சிங்கப்பூர் நாணய வாரியம் நடத்தும் கட்டமைப்பு பொது விடுமுறை நாளில் இயங்குவதில்லை. பணம் நகர முடியாத நாளில் பங்கும் நகராது. எனவே அந்த நாள் எண்ணிக்கையிலும் இல்லை.

உங்கள் செயலி தீபாவளி அன்றும் திறக்கும், நண்பருக்கு உடனடியாகப் பணம் அனுப்பவும் முடியும். அதை வைத்துச் சந்தையும் இயங்குகிறது என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டும் வெவ்வேறு தடங்கள்.

உங்கள் விடுமுறை வேறு, சந்தை விடுமுறை வேறு

தைப்பூசத்தன்று நீங்கள் விடுப்பு எடுத்திருக்கலாம். காவடி எடுப்பவருக்குத் துணையாக நடந்துகொண்டிருக்கலாம். ஆனால் சிங்கப்பூரில் தைப்பூசம் பொது விடுமுறை அல்ல. சந்தை திறந்திருக்கும், அந்த நாள் எண்ணிக்கையில் சேரும்.

2025இல் தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை சிங்கப்பூர்ச் சந்தையில் பங்கு வாங்கியவருக்குச் செவ்வாய் ஒன்று, புதன் இரண்டு. அவர் பணம் கட்ட வேண்டிய நாள் 12ஆம் தேதி. அதே திங்கட்கிழமை மலேசியாவின் புர்சா சந்தையில் வாங்கியவருக்குக் கணக்கு வேறு. அங்கும் T+2தான், 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் தேதியிலிருந்து. ஆனால் கோலாலம்பூரில் தைப்பூசம் பொது விடுமுறை, அன்று புர்சா மூடியிருக்கும். எனவே புதன் ஒன்று, 13 வியாழன் இரண்டு. விதி ஒன்றுதான், நாள்காட்டி வேறு. அதனால் விடையும் வேறு.

ஆகவே எண்ணும்போது கேட்க வேண்டிய கேள்வி "எனக்கு லீவா?" என்பதல்ல. "பங்கு எந்தச் சந்தையில் இருக்கிறதோ, அந்தச் சந்தைக்கு லீவா?" என்பதுதான்.

விடுமுறை வார இறுதியில் விழுந்தால் என்ன ஆகும்? சிங்கப்பூரில் பொது விடுமுறை ஞாயிற்றுக்கிழமை வந்தால் மறுநாள் திங்கட்கிழமை விடுமுறை, சந்தையும் மூடும். சனிக்கிழமை வந்தால் சந்தைக் கணக்கில் எந்த மாற்றமும் இல்லை, சனிக்கிழமை ஏற்கெனவே சேராத நாள்தானே.

ஆண்டுத் தொடக்கத்தில் வெளியாகும் பட்டியலில் இல்லாத விடுமுறையும் இடையில் வரலாம். 2023ஆம் ஆண்டு அதிபர் தேர்தல் நல்ல எடுத்துக்காட்டு. வேட்புமனுத் தாக்கல் ஆகஸ்ட் 22இல் நடந்தது. போட்டி இருந்ததால் செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை வாக்களிப்பு நாள் ஆனது. வாக்களிப்பு நாள் பொது விடுமுறை. ஜனவரியில் கைப்பேசியில் பதிந்து வைத்த விடுமுறைப் பட்டியலை மட்டும் பார்த்தவர், ஆகஸ்ட் 30 புதன்கிழமை செய்த வர்த்தகம் வெள்ளிக்கிழமை முடியும் என்று நினைத்திருப்பார். அது முடிந்தது செப்டம்பர் 4, திங்கட்கிழமை.

லாப ஈவு: ஒரு நாள் தவறினால் கிடைக்காது

நாள் எண்ணுவதில் பணம் நேரடியாகச் சம்பந்தப்படும் இடம் லாப ஈவு. நிறுவனம் லாப ஈவு அறிவிக்கும்போது இரண்டு தேதிகளைச் சொல்லும்.

ஒன்று பதிவு நாள். அன்று மாலை யார் பெயரில் பங்கு இருக்கிறதோ அவருக்கு லாப ஈவு. இன்னொன்று எக்ஸ் தேதி. அந்த நாளிலிருந்து வாங்குபவருக்கு இந்த முறை லாப ஈவு கிடையாது. T+2 நடைமுறையில் எக்ஸ் தேதி, பதிவு நாளுக்கு ஒரு சந்தை நாள் முன்பு வரும். ஏன் ஒரு நாள்? எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு நிறுவனத்தின் பதிவு நாள் 2025 அக்டோபர் 22, புதன்கிழமை என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ் தேதி அதற்கு ஒரு சந்தை நாள் முன்பு, 21 செவ்வாய்க்கிழமை. அப்படியானால் லாப ஈவுடன் வாங்கக் கடைசி நாள் எது? எக்ஸ் தேதிக்கு முந்தைய வர்த்தக நாள். திங்கட்கிழமை தீபாவளி. அதற்கு முன்பு ஞாயிறு, சனி. ஆகவே கடைசி நாள் 17, வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை வாங்கியவருக்கு 21 செவ்வாய் ஒன்று, 22 புதன் இரண்டு. பதிவு நாளன்று சரியாகப் பங்கு அவர் பெயருக்கு வந்துவிடுகிறது. லாப ஈவு உண்டு. செவ்வாய்க்கிழமை வாங்கியவருக்கு 22 ஒன்று, 23 வியாழன் இரண்டு. பதிவு நாள் முடிந்த பிறகுதான் பங்கு வருகிறது. லாப ஈவு இல்லை.

"பதிவு நாள் புதன்கிழமைதானே, தீபாவளி முடிஞ்சு வந்து வாங்கிக்கலாம்" என்று நினைத்தவர் இங்கேதான் மாட்டிக்கொள்வார்.

சரி, இதை வைத்துப் பணம் பண்ணலாமா? வெள்ளிக்கிழமை வாங்கி, லாப ஈவுக்கான உரிமையைப் பிடித்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை விற்றுவிட்டால்? விதிப்படி உரிமை உங்களுக்குத்தான். ஆனால் எக்ஸ் தேதியன்று பங்கின் விலை ஏறத்தாழ லாப ஈவு அளவுக்கு இறங்கித் தொடங்குவது வழக்கம். 3 வெள்ளிப் பங்குக்கு 10 காசு லாப ஈவு என்றால், மற்ற செய்திகள் எதுவும் இல்லாதபோது 2 வெள்ளி 90 காசு அளவில் தொடங்கும். அதற்குமேல் இரண்டு முறை தரகுக் கட்டணமும் இருக்கிறது.

எண்ணிக்கை தவறினால் என்ன நடக்கும்?

வாங்கியவர் பக்கம் முதலில். செட்டில்மென்ட் நாளுக்குள் பணம் கட்டவில்லை என்றால் தரகு நிறுவனம் உங்களுக்காக சிடிபியிடம் பணத்தைக் கட்டிவிடும், ஏனென்றால் அங்கே பொறுப்பு அந்த நிறுவனத்துடையது. பிறகு அந்தத் தொகைக்கு உங்களிடம் வட்டி வாங்கும். தொடர்ந்து கட்டாவிட்டால் அந்தப் பங்கை விற்று, நட்டம் இருந்தால் அதையும் உங்களிடம் கேட்கும். எத்தனை நாள் பொறுக்கும், வட்டி எவ்வளவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கணக்குத் திறந்தபோது ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளில் அது எழுதியிருக்கும்.

முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் கணக்கு என்றால் இந்தச் சிக்கல் இல்லை. வாங்கும்போதே தொகை ஒதுக்கப்பட்டுவிடும். ஆனால் விற்கும்போது கவனம் தேவை. விற்ற உடனே செயலியில் இருப்புத் தொகை உயர்ந்ததுபோல் தெரியலாம். பல நிறுவனங்கள் அந்தத் தொகையை வைத்து வேறு பங்கு வாங்க அனுமதிக்கும். வங்கிக்கு மாற்றுவதற்கு மட்டும் செட்டில்மென்ட் முடியும்வரை காத்திருக்கச் சொல்லும். செயலியில் இரண்டு எண்கள் தனித்தனியாக இருக்கும்: ஒன்று வர்த்தகத்துக்குப் பயன்படுத்தக்கூடியது, இன்னொன்று வெளியே எடுக்கக்கூடியது. கட்டணம் கட்ட உதவுவது இரண்டாவது எண் மட்டுமே.

விற்றவர் பக்கம் தவறினால் இன்னும் சிக்கல். செட்டில்மென்ட் நாளன்று கொடுக்க வேண்டிய பங்கு உங்கள் கணக்கில் இல்லை என்றால், சிடிபி சந்தையிலிருந்து அந்தப் பங்கை வாங்கி, வாங்கியவருக்குக் கொடுக்க ஏற்பாடு செய்யும். அதற்கான விலையும் அபராதமும் விற்றவர் தலையில். "என்கிட்ட இல்லாத பங்கை நான் ஏன் விற்கப்போறேன்?" என்று தோன்றலாம். இது பெரும்பாலும் கவனக்குறைவால் நடக்கிறது. பங்கு ஒரு தரகு நிறுவனத்தின் பாதுகாப்புக் கணக்கில் இருக்கும், விற்பனையோ சிடிபி கணக்குடன் இணைந்த இன்னொரு நிறுவனத்தின் வழியாக நடந்திருக்கும். இரண்டு கணக்குக்கும் இடையில் பங்கை மாற்ற நாள் ஆகும். T+2க்குள் மாற்றம் முடியவில்லை என்றால் மாட்டிக்கொள்வீர்கள்.

அப்படியானால் இன்று வாங்கிய பங்கை நாளை விற்கலாமா? பங்கு இன்னும் வரவில்லையே? எண்ணிப் பாருங்கள். திங்கட்கிழமை வாங்கியது புதன்கிழமை வரும். செவ்வாய்க்கிழமை விற்றது வியாழக்கிழமை கொடுக்க வேண்டும். வரும் நாள் கொடுக்கும் நாளுக்கு முன்பே இருப்பதால் நடைமுறையில் சிக்கல் இல்லை. பணம் கட்டாமலேயே வாங்கி விற்று வித்தியாசத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளும் வசதியைக் கான்ட்ரா என்பார்கள். அது தரகு நிறுவனம் தரும் சலுகை. எல்லாக் கணக்குக்கும் கிடைக்காது, விலை இறங்கினால் வித்தியாசத்தை ரொக்கமாகக் கட்ட வேண்டியிருக்கும்.

அமெரிக்கப் பங்கு வாங்குபவர்களுக்கு

இளையர்கள் பலர் கைப்பேசியிலேயே அமெரிக்கப் பங்குகளையும் வாங்குகிறார்கள். அங்கே 2024ஆம் ஆண்டு மே 28ஆம் தேதியிலிருந்து T+1. அதாவது அடுத்த வேலை நாளே கணக்கு முடிந்துவிடும். எண்ணுவது இன்னும் எளிது என்று தோன்றும், ஆனால் இரண்டு இடத்தில் தடுக்கும்.

முதலாவது தேதி. சிங்கப்பூர் நேரப்படி அமெரிக்கச் சந்தை இரவில் தொடங்கி விடியற்காலையில் முடிகிறது. நீங்கள் சனிக்கிழமை அதிகாலை இரண்டு மணிக்கு விழித்திருந்து ஒரு பங்கை வாங்கினால், நியூயார்க்கில் அப்போது வெள்ளிக்கிழமைப் பிற்பகல். T வெள்ளிக்கிழமைதான். T+1 திங்கட்கிழமை. எண்ண வேண்டியது அந்தச் சந்தையின் தேதியை வைத்து.

இரண்டாவது, சந்தை திறந்திருந்தும் எண்ணிக்கையில் சேராத நாள். அமெரிக்காவில் கொலம்பஸ் தினத்தன்று பங்குச் சந்தை வழக்கம்போல இயங்கும், ஆனால் வங்கிகளுக்கு விடுமுறை. வர்த்தகம் நடக்கும், செட்டில்மென்ட் நடக்காது. 2025இல் அது அக்டோபர் 13, திங்கட்கிழமை. 10ஆம் தேதி வெள்ளிக்கிழமை வாங்கியதும், 13ஆம் தேதி திங்கட்கிழமை வாங்கியதும் ஒரே நாளில், 14 செவ்வாய்க்கிழமை முடிந்தன. நவம்பர் 11ஆம் தேதி முன்னாள் படைவீரர் தினத்துக்கும் இதே கதைதான்.

பணம் நகர முடியாத நாள் எண்ணிக்கையில் இல்லை என்று மேலே பார்த்தோம் அல்லவா? அதே காரணம்தான் இங்கேயும். ஒரு நாளில் வாங்க விற்க முடிகிறது என்பது மட்டும் போதாது, அன்று கணக்குத் தீர்க்கவும் முடிய வேண்டும்.

விரலால் எண்ண வேண்டாம் என்றால்

கணக்கேட்டுச் செயலிகளில் இதற்கென்றே ஒரு சூத்திரம் இருக்கிறது. A2 கட்டத்தில் வர்த்தக நாளையும், F2 முதல் F12 வரையிலான கட்டங்களில் அந்த ஆண்டின் சந்தை விடுமுறைகளையும் போட்டுவிட்டு, இதைத் தட்டுங்கள்:

```
=WORKDAY(A2,2,F2:F12)
```

இது A2வில் உள்ள நாளை எண்ணாமல் அடுத்த நாளிலிருந்து தொடங்கும், சனி ஞாயிறைத் தானாகத் தாண்டும், பட்டியலில் உள்ள விடுமுறைகளையும் தாண்டும். 2025 அக்டோபர் 17ஐப் போட்டால் அக்டோபர் 22 என்று காட்ட வேண்டும். 21 என்று காட்டினால் தீபாவளியைப் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டீர்கள் என்று பொருள். அமெரிக்கப் பங்குக்கு நடுவில் உள்ள 2ஐ 1 ஆக மாற்றி, விடுமுறைப் பட்டியலையும் அமெரிக்காவுக்கு மாற்ற வேண்டும். வங்கி விடுமுறைகளையும் அதில் சேர்க்க மறக்காதீர்கள்.

சூத்திரம் சொல்லும் தேதியைத் தரகு நிறுவனம் அனுப்பும் சீட்டுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் சீட்டில் உள்ள தேதிப்படி நடந்துகொள்ளுங்கள். உங்கள் பட்டியலில் ஏதோ ஒரு விடுமுறை விடுபட்டிருக்கும், அல்லது ஆர்டர் நீங்கள் நினைத்த நாளில் நிறைவேறியிருக்காது.

நீங்களே ஒன்றைச் செய்து பார்க்க விரும்பினால், இதோ. 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் 9 திங்கட்கிழமை சிங்கப்பூரில் விடுமுறை. நவம்பர் 6, வெள்ளிக்கிழமை ஒரு பங்கை விற்றால் பணம் எப்போது வரும்? 7 சனி, 8 ஞாயிறு, 9 விடுமுறை. 10 செவ்வாய் ஒன்று, 11 புதன் இரண்டு. பண்டிகைச் செலவுக்கு அந்தப் பணத்தை நம்பியிருந்தால் அது தாமதம். தீபாவளிக்கு முந்தைய கடைசி வேலை நாளான 6ஆம் தேதி பணம் கையில் இருக்க வேண்டுமென்றால், பின்னோக்கி எண்ணுங்கள்: 5 வியாழன், 4 புதன். புதன்கிழமைக்குள் விற்றுவிட வேண்டும்.